ஒரே மோட்டார், மூன்று தாள்கள்

கோயம்புத்தூர்ப் பக்கம் பம்ப் தயாரிக்கும் ஒரு நடுத்தர நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே 5 ஹெச்.பி. போர்வெல் சப்மர்சிபிள் ஒன்று செய்கிறார்கள். ஆறு அங்குல போருக்கானது, மும்முனை மின்சாரத்தில் ஓடுவது. அதைப் பற்றி நிறுவனம் மூன்று இடங்களில் எழுத வேண்டியிருக்கிறது. டீலர் கடை மேசையில் கிடக்கும் அச்சுக் கேட்லாக் ஒன்று. விவசாயி செல்போனில் பார்க்கும் இணையதளப் பக்கம் இன்னொன்று. குடிநீர்த் திட்டத்துக்குப் பம்ப் வாங்கும் அரசு அலுவலகம் டெண்டரோடு கேட்கும் தொழில்நுட்ப இணைப்பு மூன்றாவது.

பல நிறுவனங்களில் இந்த வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்திருக்கிறேன். முதலில் கேட்லாக்கை எழுதிவிடுவார்கள். அதிலிருந்து நாலு வரி எடுத்து, படம் சேர்த்து இணையதளத்தில் போடுவார்கள். டெண்டர் வந்ததும் அதே கேட்லாக்கைத் திறந்து வைத்துக்கொண்டு கட்டங்களை நிரப்புவார்கள். இணையத்துக்குச் சுருக்கம், கேட்லாக்குக்கு நடுத்தரம், டெண்டருக்கு விரிவு என்று நீள அகலத்தை மட்டும் மாற்றினால் போதும் என்பது அவர்கள் கணக்கு. வம்பு அங்கேதான் தொடங்குகிறது. மூன்று தாள்களையும் படிப்பவர்கள் மூன்று வேறு கேள்விகளோடு வருகிறார்கள். ஒரே எண் ஒரு தாளில் வரம்பாகவும், அடுத்ததில் பதிலாகவும், மூன்றாவதில் வாக்குறுதியாகவும் ஆகிவிடுகிறது.

எடுத்துக்காட்டுக்காக நம் பம்பின் குணத்தை எண்களில் வைத்துக்கொள்வோம். தண்ணீரை எவ்வளவு உயரத்துக்குத் தள்ள வேண்டும் என்பதை ஹெட் என்கிறோம். எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பது டிஸ்சார்ஜ். நம் பம்ப் 40 மீட்டர் ஹெட்டில் நொடிக்கு 4.6 லிட்டர் தரும். 50 மீட்டரில் 4 லிட்டர், 60 மீட்டரில் 3.2 லிட்டர், 75 மீட்டரில் 1.8 லிட்டர். உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறையும். எந்த சென்ட்ரிஃப்யூகல் பம்பும் இப்படித்தான். இந்தப் புள்ளிகளில் ஒன்றைத் தயாரிப்பாளர் தன் பம்பின் வேலைப் புள்ளியாக அறிவித்து நேம்பிளேட்டில் பொறிக்கிறார். டூட்டி பாயின்ட் என்பார்கள். இங்கே அது 60 மீட்டரில் 3.2 லிட்டர்.

கேட்லாக்கைப் படிப்பவர் பெரும்பாலும் தொழில் தெரிந்தவர்: டீலர், போர் போடும் ஒப்பந்தக்காரர், ஆலையின் பராமரிப்புப் பொறியாளர். பக்கத்தில் இருக்கும் பத்து மாடல்களில் தன் வேலைக்கு எது சரி என்று தேர்ந்தெடுக்கத்தான் அவர் கேட்லாக்கைப் புரட்டுகிறார். அவருக்குத் தேவை ஒப்பீடு. அதனால் கேட்லாக்கில் உயிரான பகுதி அட்டவணைதான். மேலே ஹெட் 40, 50, 60, 75 மீட்டர் என்று வரிசை, கீழே ஒவ்வொரு மாடலுக்கும் டிஸ்சார்ஜ். பக்கத்தில் மாடல் எண், ஹெச்.பி., கிலோவாட், ஸ்டேஜ் எண்ணிக்கை, டெலிவரி குழாயின் அளவு. வாசகப் பகுதிக்கு இரண்டு வாக்கியம் போதும்: "150 மி.மீ. போருக்கான 5 ஹெச்.பி. நீர் குளிர்ச்சி சப்மர்சிபிள். பாசனம், குடிநீர் வழங்கல், தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கு." ஷாஃப்ட்டின் உலோகத் தரம், கேபிள் நீளம், சோதனை முறை இதெல்லாம் இங்கே தேவையில்லை. எல்லா மாடலுக்கும் பொதுவானவற்றைத் தொடரின் முதல் பக்கத்தில் ஒருமுறை சொன்னால் போதும்.

சிக்கல், அட்டவணைக்கு மேலே பெரிய எழுத்தில் அச்சாகும் தலைப்பு வரியில் இருக்கிறது. "ஹெட் 75 மீட்டர் வரை, டிஸ்சார்ஜ் நிமிடத்துக்கு 276 லிட்டர் வரை" என்று போடுவது வழக்கம். இரண்டும் தனித்தனியே உண்மை. 276 லிட்டர் வருவது 40 மீட்டரில். 75 மீட்டரில் வருவதோ நிமிடத்துக்கு 108 லிட்டர். கீழே அட்டவணை இருப்பதால் தொழில் தெரிந்தவர் ஏமாற மாட்டார். வரம்புகளை வரம்புகளாகவே படிக்க அவர் பழகியிருக்கிறார்.

இதே தலைப்பு வரி அட்டவணை இல்லாமல் இணையதளத்துக்குப் போனால் கதை வேறு. அங்கே படிப்பவர் ஒரு விவசாயி, அல்லது ஊரில் இருக்கும் அப்பாவுக்காக வெளியூரிலிருந்து மோட்டார் பார்க்கும் மகள். பக்கத்தில் டீலர் இல்லை. "75 மீட்டர், 276 லிட்டர்" என்பதைச் சேர்த்துப் படித்து, 75 மீட்டர் ஆழத்திலிருந்து நிமிடத்துக்கு 276 லிட்டர் வரும் என்றுதான் எடுத்துக்கொள்வார். மோட்டாரை இறக்கிய பிறகு அதில் பாதிகூட வராது. பம்பில் குறையே இல்லாமல், எழுதிய விதத்தாலேயே ஒரு புகார் பிறக்கும்.

ஆகவே இணையதளப் பக்கத்தின் வேலை, "என் கிணற்றுக்கு இது சரிவருமா?" என்ற ஒரே கேள்விக்குப் பதில் சொல்வது. படிப்பவரின் அளவுகளில் பேச வேண்டும். அவர் அடியில் யோசிக்கிறார், அங்குலத்தில் குழாய் வாங்குகிறார், மணிக்கு எத்தனை லிட்டர் என்று கேட்கிறார். தேடும்போது "5 ஹெச்.பி. போர் மோட்டார்" என்றுதான் தட்டுகிறார். பக்கத்தின் தலைப்பிலும் அதுவே இருக்க வேண்டும். மாடல் எண் அடுத்த வரிக்குப் போகலாம்.

அதைவிட முக்கியம், ஹெட்டை எப்படிக் கணக்கிடுவது என்று அங்கேயே சொல்லிவிடுவது. 300 அடி போர் என்றால் 300 அடி ஹெட் என்று நினைப்பவர்கள் மிகப் பலர். பம்ப் தூக்க வேண்டிய உயரம் போரின் அடியிலிருந்து தொடங்குவதில்லை, மோட்டார் ஓடும்போது தண்ணீர் நிற்கும் மட்டத்திலிருந்து தொடங்குகிறது. 300 அடி போரில் ஓடும்போது நீர்மட்டம் 160 அடியில் இருக்கிறது, தரைக்கு மேல் 20 அடியில் தொட்டி என்று வைப்போம். கூட்டினால் 180 அடி. இரண்டு அங்குலக் குழாயில் தண்ணீர் உரசிக்கொண்டு வருவதால் ஏற்படும் இழப்பு ஏறத்தாழ 13 அடி. மொத்தம் 193 அடி, அதாவது 59 மீட்டர். நம் பம்பின் டூட்டி பாயின்ட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. கச்சிதமான பொருத்தம்.

இதே ஆள் போரின் ஆழத்தையே ஹெட்டாக எடுத்திருந்தால் 91 மீட்டர் என்று கணக்கு வந்திருக்கும். இந்தப் பம்ப் போதாது என்று ஒதுக்கிவிட்டு, அதிக ஸ்டேஜ் உள்ள 7.5 ஹெச்.பி. மோட்டாரை வாங்கியிருப்பார். உயர்ந்த ஹெட்டுக்குச் செய்த பம்பைத் தாழ்ந்த ஹெட்டில் ஓட்டினால் அது தண்ணீரை வாரி இறைக்கும், கூடுதல் கரன்ட் இழுக்கும், காயில் சூடாகும், போரில் ஊற்று ஈடுகொடுக்கவில்லை என்றால் காற்றையும் சேர்த்து உறிஞ்சும். சரியான நான்கு வரிகள் இணையப் பக்கத்தில் இருந்தால் இத்தனையும் தவிரும்.

நான் எழுதினால் அந்தப் பக்கம் இப்படித் தொடங்கும்: "மோட்டார் ஓடும்போது உங்கள் போரில் நீர்மட்டம் 160 அடியும், தொட்டி 20 அடி உயரத்திலும் இருந்தால், இரண்டு அங்குலக் குழாயில் மணிக்குச் சுமார் 11,500 லிட்டர் கிடைக்கும். கோடையில் நீர்மட்டம் 210 அடிக்கு இறங்கினால் இது மணிக்கு 7,000 லிட்டரை ஒட்டி வரும். நீர்மட்டம் அதற்கும் கீழே போகும் என்றால் அடுத்த மாடலைப் பாருங்கள்." கோடைக் கணக்கைச் சொல்லத் தயங்குபவர்கள் உண்டு, விற்பனை குறையும் என்ற பயம். ஆனால் நீர்மட்டம் இறங்கும் மாதத்தில்தான் பயிருக்குத் தண்ணீர் அதிகம் தேவை. வாங்குபவருக்கு மிகவும் பயன்படும் எண் அதுதான், அதை மறைப்பது தவறு.

அளவு மாற்றும்போது ஒரு கவனம் வேண்டும். 60 மீட்டர் என்பது 197 அடி. "200 அடி" என்று முழுமையாக்கினால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் 200 அடி என்பது 61 மீட்டர், அங்கே 3.2 லிட்டர் வராது. ஹெட்டையும் டிஸ்சார்ஜையும் முழுமையாக்கும்போது எப்போதும் கீழ்நோக்கியே போக வேண்டும். 195 அடி, 11,500 லிட்டர் என்றால் பம்ப் சொன்னதைச் செய்துகாட்டும்.

இணையத்தில் விற்கும்போது சட்டப்படி காட்ட வேண்டியவையும் இருக்கின்றன. பொட்டலப் பொருட்களுக்கான 2011 சட்டமுறை எடையளவு விதிகள், தயாரிப்பாளர் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை, புகார் தொடர்பு போன்ற விவரங்களை இணைய விற்பனைப் பக்கத்திலும் கேட்கின்றன. கேட்லாக்கில் விலையே போடாமல் இருக்கலாம், விலைப்பட்டியல் தனியே போகும். இங்கே அந்த வசதி கிடையாது. ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு வரும் உரிம எண்ணையும் எழுத்தாகவே கொடுத்துவிட்டால் நல்லது. படிப்பவர் அதை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் செல்போன் செயலியில் தட்டிப் பார்த்து, உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளலாம்.

இனி டெண்டர் இணைப்பு. அலுவலகம் தன் தேவையை ஒரு பத்தியில் எழுதி, எதிரே வெற்றுப் பத்தி விட்டு அனுப்பும். "கேட்பது, தருவது, மாறுபாடு" என்று மூன்று பத்திகள் இருப்பது வழக்கம். நம் எடுத்துக்காட்டில் கேட்பது இது: ஐ.எஸ். 8034 தரநிலைக்கு உட்பட்ட போர்வெல் சப்மர்சிபிள், 60 மீட்டர் ஹெட்டில் நொடிக்கு 3 லிட்டருக்குக் குறையாத டிஸ்சார்ஜ், அந்தப் புள்ளியில் மொத்தச் செயல்திறன் 40 சதவீதத்துக்குக் குறையாதது. தொழில்நுட்ப உறையில் இந்த இணைப்பு போகும், விலை வேறு உறையில். முதல் உறையில் தேறினால்தான் இரண்டாவதைத் திறப்பார்கள். படிப்பது ஒரு குழு. கையில் பேனாவோடு, வரி வரியாக, இருக்கிறதா இல்லையா என்று பார்க்கும் வாசிப்பு அது. பொருள் வந்து இறங்கும்போது இன்னொரு அலுவலர் இதே தாளை வைத்துக்கொண்டு சோதிப்பார்.

கேட்லாக்கைப் பார்த்து நிரப்புபவர்கள் வழுக்கி விழும் இடம் செயல்திறன் கட்டம். மின்சாரமாக உள்ளே போவதில் எத்தனை பங்கு தண்ணீரைத் தூக்கும் வேலையாக வெளியே வருகிறது என்பதே மொத்தச் செயல்திறன். கணக்கு எளியது. லிட்டரில் டிஸ்சார்ஜ், மீட்டரில் ஹெட், அதோடு 9.81, மூன்றையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும். 3.2 லிட்டர், 60 மீட்டருக்கு 1.88 கிலோவாட். மீட்டரில் ஓடும் மின்சாரம் 4.48 கிலோவாட் என்றால் செயல்திறன் 42 சதவீதம். இதே பம்ப் 50 மீட்டரில் 4 லிட்டர் தரும்போது 4.46 கிலோவாட் இழுக்கிறது, அங்கே செயல்திறன் 44 சதவீதம். உச்சம் அதுதான் என்பதால் கேட்லாக்கில் "44 சதவீதம் வரை" என்று போட்டிருப்பார்கள்.

டெண்டர் நிரப்புபவர் அந்த 44-ஐ எடுத்து "தருவது" பத்தியில் எழுதிவிடுகிறார். கேட்டதோ 40. எழுதியது அதைவிட அதிகம் என்பதால் எல்லாரும் மகிழ்ச்சியோடு அனுப்பிவிடுவார்கள், ஆர்டரும் வந்துவிடும். சோதனை மேடையில் 60 மீட்டரில் ஓட்டும்போது 42 வருகிறது. அலுவலகம் கேட்டதற்கு மேலேதான் பம்ப் இருக்கிறது, ஆனால் நிறுவனம் தானே கையெழுத்திட்டுக் கொடுத்த எண்ணுக்குக் கீழே இருக்கிறது. விலகலாகக் குறித்துவிட்டால் லாட் திரும்பலாம், அல்லது தொகை பிடித்தம் ஆகலாம். கேட்லாக்கில் குற்றமில்லாமல் இருந்த எண், அங்கிருந்து பெயர்ந்து வந்ததாலேயே பொய்யாகிவிட்டது. கட்டத்தில் வந்திருக்க வேண்டியது இது: "60 மீட்டர் ஹெட்டில், 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் 42 சதவீதம்." எந்தப் புள்ளியில், எந்த மின்னழுத்தத்தில் என்பது சேராத செயல்திறன் எண்ணை டெண்டரில் எழுதவே கூடாது.

எதிர்ப்பக்கத்தில் அளவுக்கு மீறிய எச்சரிக்கையும் உண்டு. கேட்டது 3 லிட்டர்தானே என்று, பத்திரமாக இருக்கட்டும் என "3.0" எழுதுவார்கள். சிலர் வெறுமனே "பொருந்துகிறது" என்று எழுதிவிட்டு நகர்வார்கள். இரண்டுமே குழுவுக்குச் சந்தேகத்தைக் கொடுக்கும். நேம்பிளேட் 3.2 என்கிறது, இணைத்த கேட்லாக்கும் 3.2 என்கிறது, இணைப்பு மட்டும் 3.0 என்றால் வரப்போவது வேறு மாடலா என்று கேட்கத் தோன்றும். நேம்பிளேட்டில் இருப்பதையே இங்கும் எழுதுவதுதான் முறை, ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கு அறிவித்த எண்ணும் அதுதான்.

கேட்லாக்கில் உரிச்சொல்லால் கடந்துவிடும் இடங்களிலெல்லாம் டெண்டரில் பொருளின் பெயர் வேண்டும். "துருப்பிடிக்காத ஸ்டீல் ஷாஃப்ட்" என்பது டீலருக்குப் போதும். டெண்டரில் அது 410 தரமா 304 தரமா என்று சொல்ல வேண்டும். 410 காந்தத்தில் ஒட்டும், 304 பொதுவாக ஒட்டாது, ஆய்வுக்கு வருபவர் சட்டைப்பையிலிருந்து சின்னக் காந்தத்தை எடுத்து வைத்துப் பார்ப்பதுண்டு. 410 ஷாஃப்ட்டுக்குப் பொருத்தமான நல்ல உலோகம், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் டெண்டர் 304 கேட்டிருந்தால் மாறுபாட்டுப் பத்தியில் அதை வெளிப்படையாக எழுதிக் காரணமும் சொல்ல வேண்டும். பவுல் வார்ப்பிரும்பு என்றால் ஐ.எஸ். 210-இன் எந்தத் தரம், இம்பெல்லர் பிளாஸ்டிக்கா வெண்கலமா, கேபிள் எத்தனை சதுர மி.மீ., எத்தனை மீட்டர், எல்லாம் வரிசையாக வர வேண்டும். "உறுதியான", "நீடித்து உழைக்கும்", "சிறந்த" இவற்றுக்கு அந்தத் தாளில் இடமில்லை, அளந்து பார்க்க முடியாததைக் குழுவால் ஏற்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

உத்தரவாதமும் அப்படித்தான். கேட்லாக்கில் "ஒரு வருட உத்தரவாதம்". இணையப் பக்கத்தில் வாங்கிய தேதியிலிருந்து 12 மாதம், பில் அவசியம், மின்னழுத்தக் கோளாறில் எரிந்தால் பொருந்துமா பொருந்தாதா என்பது வரை சொல்ல வேண்டும். டெண்டரில் பெரும்பாலும் அலுவலகமே காலத்தை வகுத்திருக்கும். இயக்கத்துக்கு வந்து 12 மாதம் அல்லது சப்ளை செய்து 18 மாதம், இதில் எது முந்துகிறதோ அது என்பது அடிக்கடி காணும் நிபந்தனை. அதற்கு எதிரே கேட்லாக் வாசகத்தை ஒட்டினால், நிபந்தனையை மாற்றக் கேட்பதாகவே பொருள்படும்.

கேட்லாக்கையே டெண்டரோடு இணைக்கச் சொல்வதும் வழக்கம்தான். அதன் கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் "விவரங்கள் முன்னறிவிப்பின்றி மாற்றத்துக்கு உட்பட்டவை" என்று இருக்கும். அச்சான கேட்லாக் பல வருடம் புழங்குவதால் அந்த வரி அங்கே நியாயமானது. டெண்டருக்குள் வந்ததும் அது, கொடுத்த வாக்கை நாங்கள் எப்போது வேண்டுமானாலும் மாற்றுவோம் என்று சொல்வது போல் ஆகிவிடுகிறது. இது நிபந்தனையோடு கூடிய விலைப்புள்ளி என்று போட்டியாளர் கேள்வி எழுப்ப இடம் உண்டு. குறிப்பிட்ட மாடலுக்கான தனித் தரவுத்தாளை அந்த வரி இல்லாமல் தயாரித்து, தேதியும் கையொப்பமும் போட்டு இணைப்பது நல்லது. கேட்லாக்கையே வைக்க வேண்டியிருந்தால், இணைப்பில் உள்ள விவரங்களே இறுதியானவை என்று முகப்புக் கடிதத்தில் ஒரு வரி சேர்க்கலாம்.

டெண்டர் விடும் பக்கத்திலும் இதே நோய் உண்டு. தேவையை எழுத நேரமில்லாத அலுவலர், ஏதோ ஒரு நிறுவனத்தின் கேட்லாக்கிலிருந்து வரிகளை அப்படியே எடுத்து வைத்துவிடுவார். இம்பெல்லரின் விட்டம், ஸ்டேஜ் எண்ணிக்கை வரை உள்ளே வந்துவிடும். எட்டு ஸ்டேஜில் அந்தத் தண்ணீரைத் தரும் பம்ப் தகுதி பெறும், அதையே ஏழு ஸ்டேஜில் தரும் நல்ல பம்ப் வெளியே போகும். தேவையற்ற அம்சங்களைச் சேர்க்காமல் குறிப்பான தேவைக்கேற்ப விவரங்களை வகுக்க வேண்டும் என்று மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளில் 144-வது விதி சொல்கிறது. ஊருக்கு வேண்டியது தண்ணீர். 60 மீட்டரில் 3 லிட்டர், இவ்வளவு செயல்திறன், இந்தத் தரநிலை, இந்தப் போரில் இறங்க வேண்டும், இவ்வளவு கேட்டால் போதும்.

இந்த மூன்று தாள்களும் முரண்படாமல் இருக்க, மூன்றுக்கும் தாயாக ஒரு தாள் வேண்டும், அது வெளியே போகக் கூடாது. ஆய்வகச் சோதனை அறிக்கையின் எண்கள், நேம்பிளேட் எண்கள், உலோகத் தரங்கள், உரிம எண், உத்தரவாத நிபந்தனை எல்லாம் மீட்டர், லிட்டர், கிலோவாட் அளவுகளில், எந்தத் தேதி முதல் செல்லும் என்ற குறிப்போடு அதில் இருக்க வேண்டும். முழுமையாக்கிய எண் ஒன்றுகூட அதில் நுழையக் கூடாது. எழுதும் வரிசையையும் நான் தலைகீழாகவே சொல்வேன். டெண்டர் இணைப்பின் மாதிரியை முதலில் எழுதுங்கள், ஏனென்றால் அதில் எதையும் மழுப்ப முடியாது. அதிலிருந்து கேட்லாக் அட்டவணை, கடைசியாக இணையப் பக்கம். கேட்லாக்கில் தொடங்கினால் அதன் "வரை"கள் மற்ற இரண்டுக்கும் பரவிவிடும். மூன்றும் முடிந்த பின் வடிவமைப்புப் பிரிவைச் சேராத ஒருவரிடம் கொடுத்து, "60 மீட்டரில் எவ்வளவு தண்ணீர் வரும்?" என்று மூன்று தாளையும் பார்த்துத் தனித்தனியே பதில் எழுதச் சொல்லலாம். 3.2 லிட்டர், நிமிடத்துக்கு 192, மணிக்கு 11,500 என்று வந்தால் சரி. வேறு எண் வந்த தாளைத் திருத்த வேண்டும்.

பிறகு ஒருநாள் இம்பெல்லர் அச்சை மாற்றுவார்கள், 60 மீட்டரில் 3.4 லிட்டர் வரத் தொடங்கும். தாய்த்தாளும் நேம்பிளேட் அறிவிப்பும் மாறியதும் இணையப் பக்கத்தை அன்றே மாற்றலாம். பழைய எண்ணோடு கடையில் இருக்கும் சரக்குக்குத் தயாரிப்புத் தேதியைக் குறித்து ஒரு வரி போட்டால் போதும். கேட்லாக் அடுத்த அச்சு வரை காத்திருக்கும், அதுவரை டீலர்களுக்கு ஒரு திருத்தத்தாள் போக வேண்டும். கையெழுத்திட்டுக் கொடுத்த டெண்டர் இணைப்பை மட்டும் நிறுவனம் தன் விருப்பத்துக்கு மாற்ற முடியாது. புது இம்பெல்லர் மேலானதாகவே இருந்தாலும், அந்த ஆர்டருக்குப் பழைய இம்பெல்லரையே போட்டு அனுப்ப வேண்டும், அல்லது சோதனை அறிக்கையை இணைத்து அலுவலகத்துக்கு எழுதி, எழுத்தில் ஒப்புதல் வந்த பிறகே புதியதை அனுப்ப வேண்டும்.